வெள்ள நிவாரணத்துக்குப் போக லீவு: கையேட்டை எப்படிக் காட்டிக் கேட்பது?

கேள்வி: "அண்ணே, நான் லாபிஸ் பக்கம் ஒரு செம்பனை மில்லில் எடைமேடை கிராணி. சேர்ந்து ஒன்றரை வருசம் ஆகுது. போன மழைக்காலத்தில் நிவாரண மையத்தில் நாலு நாள் உதவி செய்ய லீவு கேட்டேன். 'அதெல்லாம் கம்பெனி நடத்துற நிகழ்ச்சிக்கு மட்டும்தான்'னு மேனேஜர் சொல்லிட்டார். எங்க கையேட்டில் சமூக சேவை லீவுன்னு ஒரு பக்கம் இருக்கு, படம் அனுப்பியிருக்கேன். சட்டப்படி இந்த லீவு உண்டா? இந்தப் பக்கத்தை வச்சு எப்படிக் கேட்கிறது?"

சட்டத்தில் இல்லை தம்பி. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் ஆண்டு விடுப்பு இருக்கிறது, மருத்துவ விடுப்பு இருக்கிறது, பிரசவ விடுப்பு இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து குழந்தை பிறந்த அப்பாவுக்கும் ஏழு நாள் உண்டு. தொண்டு வேலைக்கென்று ஒரு நாள்கூடக் கிடையாது. "எங்க சித்தப்பா பள்ளிக்கூட வாத்தியார், அவருக்கு சுத்தி தன்பா ரெக்கோட் குடுத்தாங்களே" என்று யாராவது சொல்வார்கள். பதிவில் ஏறாத அந்த விடுப்பு அரசு ஊழியருக்கான ஏற்பாடு. மில்லுக்கும் தோட்டத்துக்கும் அது வராது.

ஆக உங்கள் கையில் இருப்பது அந்த ஒரு பக்கம்தான். அதை நான் மூன்று தடவை படித்தேன். உங்கள் மேனேஜர் ஒரு தடவைகூட முழுசாகப் படித்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

அவர் சொன்னது 7.1இல் இருக்கிறது. கம்பெனி ஏற்பாடு செய்யும் மரம் நடுதல், இரத்த தானம் போன்றவற்றுக்குப் போனால் அது வேலை நேரமாகவே கணக்காகும் என்கிறது அந்த உட்பிரிவு. அதோடு நிறுத்திவிட்டார். அதற்குக் கீழே 7.2 வேறு விஷயம் பேசுகிறது: வேலை உறுதியான ஊழியர், பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் நிவாரண அல்லது சமூக சேவைப் பணிக்காகத் தாமே விண்ணப்பித்தால், ஆண்டுக்கு மூன்று வேலை நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு வழங்கப்படலாம். 7.3இல் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும், அவசரத்தில் துறைத் தலைவர் அதைத் தளர்த்தலாம் என்று இருக்கிறது. 7.4 கட்சி வேலைக்கும் சமயப் பிரச்சாரத்துக்கும் இந்த விடுப்பு கிடையாது என்கிறது. 7.5 உற்பத்தி பாதிக்கக் கூடாது என்கிறது.

போன தடவை நீங்கள் கேட்டபோது எந்த எண்ணையும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். "கையேட்டில் லீவு இருக்கே சார்" என்றிருப்பீர்கள். அவருக்கு 7.1 ஞாபகம் வந்தது, பதில் சொல்லிவிட்டார். கையேட்டைக் காட்டிக் கேட்பதென்றால் எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த உட்பிரிவு, அதில் உள்ள வாசகம் என்ன என்று மூன்றையும் எழுதிக் கேட்பது. பதிப்பு ஏன் முக்கியம் என்றால், கம்பெனி கையேட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். உங்களிடம் இருக்கும் படத்தில் பக்கத்தின் அடியில் ஒரு தேதி தெரிகிறது. எச்.ஆர்.இடம் இப்போது நடப்பில் இருப்பது அதுதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பதிப்பை நீட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து அந்த "வழங்கப்படலாம்". உங்கள் கையேடு மலாயில் இருப்பதால் அங்கே "போலே டிபெரி" என்று இருக்கிறது. "ஹெண்டாக்லா டிபெரி" என்றிருந்தால் நிபந்தனையை நிறைவேற்றியவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். "போலே" என்றால் கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில். அதனால் கடிதத்தில் "எனக்கு உரிமை உண்டு" என்று எழுத வேண்டாம். எழுதினால் அவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மறுத்துவிடுவார், மறுப்பது சரியாகவும் இருக்கும். "7.2இன் கீழ் விண்ணப்பிக்கிறேன்" என்பது போதும். கொடுக்கலாம் என்று எழுதி வைத்த ஒன்றை மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். 7.5ஐ விட்டால் அவருக்கு வேறு காரணம் இல்லாதபடி கடிதத்தை எழுத வேண்டும், அப்புறம் அந்த 7.5க்கும் நீங்களே பதில் சொல்லிவிட வேண்டும்.

ஒருவேளை நீங்கள் சங்க உறுப்பினராக இருந்து, கூட்டு ஒப்பந்தத்தில் இதுபோல ஏதாவது இருந்தால் கதை வேறு. தொழில் நீதிமன்றம் ஏற்றுப் பதிந்த கூட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் உங்கள் வேலை ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும், கம்பெனி இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். கையேடு அப்படிப்பட்டதல்ல.

இனி உண்மையான சிக்கல். பதினான்கு நாள் முன்னறிவிப்பு என்பது மரம் நடும் விழாவுக்குச் சரி. வெள்ளம் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வருவதில்லை. ராத்திரி ஆறு ஏறும், விடிகாலையில் பள்ளிக்கூட மண்டபம் திறக்கும், எட்டு மணிக்கு உங்களைக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் மேனேஜரும் பாலம் மூழ்கிய கவலையில் இருப்பார். அப்போது போய் 7.3இல் தளர்வு கேட்டால் கிடைப்பது அவர் மனநிலையைப் பொறுத்தது.

அதனால் மழைக்கு முன்னாலேயே கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். நம் ஜொகூரில் 2006 டிசம்பரில் ஒரு தடவை, தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் மறு தடவை. 2023இல் எல்லாம் ஓய்ந்தது என்று நினைத்த மார்ச் தொடக்கத்தில்தான் சிகாமாட்டும் பத்து பகாட்டும் மூழ்கின. ஆகவே கடிதத்தில் காலவரம்பை மார்ச் 31 வரை வையுங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் கடிதம் போகட்டும். தேதி குறிப்பிடாத, முன்கூட்டிய சம்மதம்தான் நீங்கள் கேட்பது.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். சாரம் இப்படி இருக்கட்டும்:

"ஊழியர் கையேடு, இந்த ஆண்டுப் பதிப்பு, உட்பிரிவு 7.2இன் கீழ் நிவாரணப் பணிக்கான விடுப்புக்கு முன்கூட்டிய ஒப்புதல் கோருகிறேன். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரையிலான காலத்தில் லாபிஸ் வட்டாரத்தில் தற்காலிக நிவாரண மையம் திறக்கப்பட்டால், மூன்று வேலை நாள் வரை, நான் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற அமைப்பின் அழைப்பின்பேரில் அங்கே பணியாற்ற விரும்புகிறேன். அமைப்பின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. வெள்ளத்தின் தேதி முன்னதாகத் தெரியாது என்பதால், 7.3இல் உள்ள பதினான்கு நாள் அறிவிப்பைத் தளர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைப்பு வந்ததும், வேலை நேரம் தொடங்குவதற்கு முன்பே உங்களுக்கும் எச்.ஆர்.க்கும் செய்தி அனுப்புவேன். நான் இல்லாத நாள்களில் எடைமேடையைப் பார்த்துக்கொள்ளச் சக கிராணி ஒருவர் சம்மதித்துள்ளார். அவருடைய கையொப்பம் கீழே உள்ளது. பணி முடிந்து மூன்று நாளுக்குள் அமைப்பின் உறுதிக் கடிதத்தைச் சமர்ப்பிப்பேன்."

இதில் அதிக வேலை செய்வது அந்த எடைமேடை வரிதான். மேனேஜரின் தலைவலி என்ன என்று யோசித்துப் பாருங்கள். குலை ஏற்றிய லாரி வாசலில் வரிசையாக நிற்கும், எடை போட ஆள் இல்லை என்றால் இறக்க முடியாது. பழம் ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை விழும். 7.5இல் உற்பத்தி என்று எழுதியிருப்பது அவருக்கு இந்த லாரி வரிசைதான். சக கிராணியின் கையொப்பம் இருந்தால் அந்தப் பயம் போய்விடும். கையொப்பம் இல்லாமல் "யாராவது பார்த்துக்குவாங்க" என்று எழுதினால் அவர் மறுப்பார், நானும் அவர் இடத்தில் இருந்தால் மறுப்பேன்.

அமைப்பின் கடிதத்தைப் பற்றி. செம்பிறைச் சங்கமோ, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ, பொதுத் தற்காப்புப் படையோ, நீங்கள் எதில் இருக்கிறீர்களோ அதன் வட்டாரக் கிளையிடம் கேளுங்கள். உங்கள் பெயர், உறுப்பினர் எண், என்ன வேலை, எங்கே என்று நாலு வரி இருந்தால் போதும். நம் ஊரில் ஒரு நுணுக்கம் உண்டு. நிறைய நேரம் சமையல் நடப்பது மாரியம்மன் கோயில் மண்டபத்தில். "கோயிலில் சேவை செய்யப் போகிறேன்" என்று எழுதினால் எச்.ஆர். 7.4ஐக் காட்டி நிறுத்திவிடும். அங்கே நீங்கள் செய்வது வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்குச் சோறு ஆக்கிப் பொட்டலம் கட்டுவது. அதையே எழுதுங்கள், இடத்தின் பெயரை அப்புறம் போடலாம். ஆனால் திருவிழாவுக்குப் பந்தல் போடுவதற்கு இந்த விடுப்பை எடுக்காதீர்கள். ஒருவர் அப்படிச் செய்து மாட்டினால் அடுத்த வருசம் அந்தப் பக்கமே கையேட்டில் இருக்காது.

அதேபோல உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து நீங்களே சாமான் காய வைத்துக்கொண்டிருந்தால் அது தொண்டு அல்ல. அதற்குக் கையேட்டில் அவசர விடுப்பு என்று வேறு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் கலந்து கேட்டால் இரண்டும் போகும்.

ஒப்புதல் எழுத்தில் வரட்டும். மேனேஜர் நடந்துபோகிற போக்கில் "சரி சரி, பார்த்துக்கலாம்" என்றால் அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "இன்று காலை நீங்கள் 7.2இன் கீழ் ஒப்புதல் அளித்ததற்கு நன்றி, காலம் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை என்று புரிந்துகொள்கிறேன்." அவர் மறுக்காமல் இருந்தால் அதுவும் ஒரு சான்றுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2006 வெள்ளத்தின்போது நான் ஒரு தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்தேன். டிராக்டர் ஓட்டுகிற பையன் ஒருவன், நல்ல வேலைக்காரன், திங்கட்கிழமை காலையில் பெரட்டில் நிற்கும்போது மண்டோரிடம் "ஆத்துப் பக்கம் ஆளுங்கள ஏத்தி விட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். வியாழன் சாயங்காலம்தான் திரும்பினான். நாலு நாளும் செக்ரோலில் "வரவில்லை" என்று விழுந்தது, அந்தக் கோட்டைப் போட்டவன் நான்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு ஒரு கடிதம் தயாராக இருந்தது. வேலைச் சட்டத்தின் 15(2)இன்படி அவனே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டதாக.

அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்றால், முன் அனுமதி இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். தப்பிக்க இரண்டும் சேர்ந்து வேண்டும்: நியாயமான காரணம் இருக்க வேண்டும், அதை முதலாளிக்கு முன்னதாகவோ வராத நாள்களில் முடிந்த சீக்கிரமோ சொல்லியிருக்க வேண்டும் அல்லது சொல்ல முயன்றிருக்க வேண்டும். காரணம் அவனிடம் இருந்தது. சொன்னதற்கும் ஆள் இருந்தது, ஆனால் மண்டோர் "அரை நாளுக்குன்னுதான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டார். அதில் பொய் இல்லை. பையன் நாலு நாள் என்று சொல்லவே இல்லை. சங்கக்காரர் வந்து பேசி, கடைசியில் எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை மிஞ்சியது. நாலு நாள் சம்பளம் போனது போனதுதான். அவனுக்கு அப்போது இருந்த மரியாதைக்கு அது நடந்தது. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஆகவே அழைப்பு வந்த காலையில் செய்தி அனுப்பும்போது, மண்டோருக்கோ கூட வேலை செய்பவருக்கோ மட்டும் அனுப்பாதீர்கள். மேனேஜருக்கும் எச்.ஆர்.க்கும் நேராகப் போகட்டும். "7.2இன் கீழ் அக்டோபரில் தந்த ஒப்புதலின்படி இன்று முதல் வியாழன் வரை மூன்று நாள், வெள்ளிக்கிழமை ஆண்டு விடுப்பு ஒரு நாள், திங்கள் காலை திரும்புவேன்" என்று எழுதுங்கள். எத்தனை நாள், என்றைக்குத் திரும்புவீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். வெள்ளத்தில் கைப்பேசிக் கோபுரம் படுத்துவிடும், அதனால் மையத்துக்குக் கிளம்பும் முன்பே அனுப்பி, செய்தி போய்ச் சேர்ந்ததைக் காட்டும் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது நாள் எங்கிருந்து வரும் என்பதையும் பார்த்துவிடலாம். இரண்டு வருசத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஆண்டு விடுப்பு எட்டு நாள். டிசம்பர் வருவதற்குள் இரண்டு நாளையாவது மிச்சம் வையுங்கள். தீபாவளிக்கு எல்லாவற்றையும் கரைத்துவிட்டு வெள்ளத்துக்குக் கை விரிக்கிற பழக்கம் நமக்கு உண்டு.

சரி, மேனேஜர் 7.2ஐ முழுசாக மறுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு நாள் ஆண்டு விடுப்பு, இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு என்று கேட்கலாம். சம்பளமில்லா விடுப்பும் அவர் அனுமதித்தால்தான். கேட்காமல் எடுத்தால் மேலே சொன்ன 15(2)தான் வந்து நிற்கும். அனுமதித்துவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதில் பல ஆபீஸ்களில் தப்பு நடக்கிறது. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்துப் பிடிப்பார்கள். ஆனால் 2023 முதல் நடப்பில் உள்ள 18ஏ பிரிவு, சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதத்துக்கு, அந்தச் சம்பளக் காலத்தில் மொத்தம் எத்தனை நாளோ அதால் வகுக்கச் சொல்கிறது.

உங்கள் சம்பளம் 2,400 வெள்ளி என்று வைத்துப் பார்ப்போம். டிசம்பருக்கு 31 நாள். 2,400ஐ 31ஆல் வகுத்து 29ஆல் பெருக்கினால் 2,245 வெள்ளி 16 காசு கைக்கு வரவேண்டும். அதாவது இரண்டு நாளுக்குப் பிடிப்பு 154 வெள்ளி 84 காசு. 26ஆல் வகுத்தால் பிடிப்பு 184 வெள்ளி 62 காசாகிவிடும். முப்பது வெள்ளிக்குச் சண்டை போட வேண்டாம், ஆனால் சம்பளச் சீட்டில் பார்த்துவிட்டு கிராணியிடம் மெதுவாகக் காட்டுங்கள். நீங்களும் கிராணிதானே, புரிந்துகொள்வார். 26 என்பது மிகை நேரம், பொது விடுமுறை வேலை போன்றவற்றைக் கணக்கிடுகிற எண், பழக்கதோஷத்தில் இங்கேயும் வந்துவிடுகிறது.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை. விடுப்பில் இருக்கும்போது படகில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டால் அது வேலையிடத்து விபத்தாக பெர்கெசோவில் போவது கடினம், ஏனென்றால் நீங்கள் அப்போது வேலையில் இல்லை. 7.1இன் கீழ் கம்பெனியே உங்களை அனுப்பி, அந்த நாள்களை வேலை நேரமாகக் கணக்கிட்டிருந்தால் வாதாட இடம் உண்டு. 7.2இல் நீங்களாகப் போனால் அது விடுப்புதான். அதனால் உங்கள் அமைப்பிடம் தொண்டர்களுக்குக் காப்புறுதி இருக்கிறதா, பெயர்ப் பட்டியலில் நீங்கள் ஏறிவிட்டீர்களா என்று முதல் நாள் காலையிலேயே கேளுங்கள். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடாமல் நேராகப் போய் மூட்டை தூக்குகிறவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

அந்தப் பதிவுப் புத்தகம் இன்னொன்றுக்கும் உதவும். நிவாரண மையத்தை நடத்துவது சமூக நல இலாகா. மையத்தில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார், ஒரு வாரம் கழித்துப் போய் "நான் அங்கே இருந்தேன், கடிதம் கொடுங்கள்" என்றால் யாருக்கும் உங்களைத் தெரியாது. கிளம்புகிற அன்றே, கையில் சோற்று மணம் காய்வதற்குள், அமைப்பின் தலைவரிடம் தேதியும் மணி நேரமும் எழுதிய ஒரு தாளில் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். புதன் காலை 7 முதல் மாலை 6 வரை, சமையல், 180 பொட்டலம், இப்படி நாள்வாரியாக. ஒரு நகலை எச்.ஆர்.க்கு அனுப்பிவிட்டு, அசலை நீங்கள் வைத்திருங்கள். அடுத்த அக்டோபரில் மறுபடி 7.2ஐக் காட்டிக் கடிதம் எழுதும்போது அந்தத் தாளை இணைத்துக் கொடுங்கள்.